ஒன் பெட்ரூம் வீட்டில் பத்தாவது தேர்வும் கைக்குழந்தையின் தூக்கமும்: விளக்கு, சத்தம், நேரம் மூன்றையும் ஒழுங்குபடுத்தும் முழு வழிகாட்டி

செம்பூரில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. மகள் மகாராஷ்டிர போர்டில் பத்தாவது எழுதிய வருடம் பையனுக்கு ஏழு மாதம். மாமியாரும் எங்களோடு இருந்தார். அடுத்த வருடம் சயானில் இருக்கும் நாத்தனார் வீட்டிலும், அதற்கப்புறம் எங்கள் பில்டிங்கிலேயே கீழ்த்தளத்துக் குடும்பத்திலும் இதே நிலைமை. மூன்று வீடுகளிலும் தவறுகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. எல்லோரும் முதலில் ஒரு டேபிள் லேம்ப் வாங்கினோம், வீட்டில் எல்லோரையும் "உஷ்" என்று அடக்கினோம். இரண்டு வாரத்தில் பெரியவளும் தூங்கவில்லை, சின்னவனும் தூங்கவில்லை.

குழந்தையை எழுப்புவது பெரும்பாலும் சத்தமோ வெளிச்சமோ அல்ல, அவற்றில் திடீரென்று வரும் மாற்றம்தான். ஓடிக்கொண்டே இருக்கும் ஃபேனுக்கு விழிக்காத குழந்தை ஒரு ஸ்பூன் விழுந்தால் விழித்துவிடும். அதனால் வீட்டை நிசப்தமாக்கப் பார்க்காமல், மாற்றங்களைக் குறைப்பதற்கான வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். குழந்தைக்கு நாலு மாதம் முதல் ஒரு வயது வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சின்னக் குழந்தைக்கு நேர ஒழுங்கு இருக்காது என்பதால் படி 1, 5 இரண்டும் முழுசாகப் பொருந்தா.

தொடங்கும் முன்: என்ன வேண்டும், எப்போது வேண்டும்

ஜனவரியில் பிரிலிம் தேர்வு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். தூங்கும் இடம் மாறினால் குழந்தை பழகச் சில நாட்கள் பிடிக்கும். அந்த நாட்கள் போர்டு தேர்வு வாரத்தில் வரக்கூடாது.

வாங்க வேண்டியவை குறைவு. உலோகக் குடை உள்ள, கழுத்து வளையும் மேசை விளக்கு ஒன்று. அதற்கு 7 வாட் எல்.இ.டி. பல்பு. அரை வாட் இரவு விளக்கு இரண்டு. நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் ஃபெல்ட் துண்டுகள். துணி பென்சில் பை ஒன்று. மற்றதெல்லாம் பழைய துண்டு, ரப்பர் பேண்ட், தேங்காய் எண்ணெய் என்று வீட்டிலேயே இருக்கும்.

1. மூன்று நாள் குறிப்பு எடுங்கள்

விளக்கு வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒரு தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, குழந்தை தூங்கிய நேரம், விழித்த நேரம், விழித்தபோது வீட்டில் என்ன நடந்தது என்று மூன்றையும் மூன்று நாள் எழுதுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் எழுதட்டும்.

எங்கள் தாளில் பகலில் 9.30 மணிக்கு ஒரு தூக்கம், 1.30-க்கு ஒன்று, இரவு 8.15-க்குப் பெரிய தூக்கம் என்று வந்தது. விழிப்புகளுக்கு எதிரே எழுதியிருந்தவை: குப்பை எடுப்பவர் அடித்த காலிங் பெல், குக்கர் விசில், பாத்ரூம் தாழ்ப்பாள், மறுபடியும் பெல். நாங்கள் சந்தேகப்பட்டதோ மகள் வாய்விட்டுப் படிப்பதை. அது ஒரு தடவைகூட அந்தத் தாளில் இல்லை.

இன்னொன்றும் தெரியவரும். குழந்தையின் தூக்கம் அலை அலையாக வரும். ஒரு சுற்று ஏறக்குறைய 50 நிமிடம், சுற்று முடியும் இடத்தில் தூக்கம் மெல்லியதாகிவிடும். எங்கள் பையன் பகலில் 40-45 நிமிடத்தில்தான் அசைந்தான். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் காப்பாற்றினால் அடுத்த சுற்றுக்குள் தானாகவே போய்விடுவான். உங்கள் குழந்தையின் கணக்கு உங்கள் தாளில் இருக்கும்.

2. யார் எங்கே என்று முடிவு செய்யுங்கள்

வழக்கமாக எல்லோரும் செய்வது, குழந்தை படுக்கையறையில், படிக்கும் பிள்ளை ஹாலில். பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் ஹால்தான் வீட்டின் நடைபாதை. வாசல் கதவு, டிவி, பாத்ரூம் போகிற வழி எல்லாம் அங்கேதான். படிக்கிற பிள்ளைக்கு அது தேர்வு முடியும் வரை தீராத தொல்லை.

இரவு 9 மணிக்கு மேல் நான் பரிந்துரைப்பது சமையலறை. அதற்குக் கதவு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டியான திரை. வெளிர் நிற டைல் இருப்பதால் சின்ன விளக்கே போதும். ஃபிரிட்ஜின் ஒரே சீரான ரீங்காரம் புத்தகம் புரட்டும் சத்தத்தை மறைத்துவிடும். மடக்கு மேசை ஒன்றைச் சிலிண்டரிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளிப் போடுங்கள்.

ஆனால் மும்பையில் அதிகாலைக்குச் சமையலறை ஒத்துவராது. பல பில்டிங்குகளில் தண்ணீர் குறிப்பிட்ட நேரம்தான் வரும். எங்களுக்கு 5.15 முதல் 6.30 வரை. டிரம் நிரம்பும் சத்தம், குழாய் திறந்து மூடும் சத்தம் எல்லாம் அப்போது அங்கேதான். அதனால் இரவில் சமையலறை, விடிகாலையில் ஹால் ஜன்னலோரம் என்று இரண்டு இடமாகப் பிரித்தோம். புத்தகங்கள் ஒரு பிளாஸ்டிக் கூடையில் இருந்தால் இடம் மாற ஒரு நிமிடம்கூட ஆகாது.

நாத்தனார் வீடு ஒரே அறை. அங்கே பிரிக்க இடமில்லை, திசையைத்தான் பிரிக்க முடிந்தது. குழந்தையின் தலைமாட்டுக்கும் மேசைக்கும் நடுவே பீரோவை நகர்த்தினார்கள். படிப்பவளின் முதுகு குழந்தை பக்கம் இருந்தது. அவள் உடம்பே பாதி வெளிச்சத்தை மறைத்தது.

குழந்தையின் இடத்தை மாற்றும்போது இதில் மட்டும் சமரசம் வேண்டாம். கெட்டியான, சமதளமான படுக்கை, மல்லாந்த நிலை, பக்கத்தில் தலையணையோ கம்பளியோ இல்லாமல். வெளிச்சத்தை மறைக்கத் தலையணையைச் சுவர் போல அடுக்குவதையும், தொட்டில் மேல் போர்வை போடுவதையும் பார்த்திருக்கிறேன். மூச்சுக்குத் தடை ஆகலாம், மார்ச் மாதப் புழுக்கத்தில் குழந்தைக்கு உடம்பு சூடேறும். தூளியில் போடுபவர்கள், குழந்தை புரளவும் எழுந்து உட்காரவும் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். நாங்கள் ஆறாவது மாதமே கட்டிலுக்கு மாற்றிவிட்டோம்.

3. விளக்கைப் பொருத்துங்கள்

இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். மேசைக்குப் போதுமான வெளிச்சம் வேண்டும், குழந்தையின் கண்ணுக்கு நேராக எதுவும் போகக்கூடாது. இரண்டுக்கும் ஒரே வழி, விளக்கைத் தாழ்த்துவது. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். சீலிங்கில் 20 வாட் டியூப் போடுவதைவிடத் தாளிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் 7 வாட் பல்பு எழுத்தை நன்றாகக் காட்டும், அறையின் மறுகோடியையும் எட்டாது.

குடை உலோகமாக இருக்கட்டும். வெள்ளை பிளாஸ்டிக் குடை தானே ஒரு பல்பு போல ஒளிரும். குடையின் கீழ் விளிம்பு படிப்பவரின் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரவேண்டும். பல்பு நேராகக் கண்ணில் பட்டால் அரை மணியில் தலைவலி வரும். வலது கையால் எழுதுபவருக்கு விளக்கு இடப்பக்கம், இல்லையென்றால் கை நிழல் எழுத்து மேல் விழும்.

பல்பின் நிறத்தையும் கவனியுங்கள். கடையில் கேட்காமல் வாங்கினால் பெரும்பாலும் 6500K என்று போட்ட வெள்ளை பல்பைத்தான் தருவார்கள். அதில் நீல ஒளி அதிகம், இரவில் அது தூக்கத்தைத் தள்ளிப்போடும். படிக்கிற பிள்ளையும் புத்தகத்தை மூடியதும் தூங்க வேண்டுமே. 3000K என்று கேட்டு வாங்குங்கள், மஞ்சள் வெளிச்சம். மஞ்சளில் தூக்கம் வருகிறது என்று பிள்ளை சொன்னால் 4000K வைத்துப் பாருங்கள், 10 மணி வரை அது பரவாயில்லை.

அடுத்த தவறு, மற்ற எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இருட்டில் ஒற்றை விளக்கில் படிப்பது. தாள் பளிச்சென்று இருக்கும், தலை நிமிர்ந்தால் கறுப்பு. கண் இரண்டுக்கும் மாறி மாறிப் பழகிக் களைத்துப்போகும். படிப்பவரின் முதுகுப்பக்கம், தரையோரத்தில், அரை வாட் இரவு விளக்கு ஒன்றைப் போட்டுவிடுங்கள். என் மகள் "அம்மா, கண்ணுக்குள்ள மணல் மாதிரி இருக்கு" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தச் சின்ன விளக்கு வந்தபின் அது நின்றது.

இனி சோதனை. இதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். குழந்தை இல்லாத நேரம், இரவில், விளக்குகளைப் போட்டுவிட்டு நீங்களே குழந்தை படுக்கும் இடத்தில் தலை வைத்துப் படுங்கள். பல்பு தெரிகிறதா? பீரோ கண்ணாடியில், டிவி திரையில், எவர்சில்வர் டப்பாவில் பல்பு தெரிகிறதா? அப்புறம் கையை நீட்டி விரல்களை விரியுங்கள். சுவரில் விரல் விரலாக நிழல் விழுந்தால் வெளிச்சம் அதிகம். எங்கள் வீட்டில் பல்பு எங்கேயும் தெரியவில்லை, ஆனால் பீரோ கண்ணாடியில் மேசையின் வெள்ளைத் தாள் பளீரென்று தெரிந்தது. நான் நின்றுகொண்டு பார்த்த வரையில் அது கண்ணில் படவே இல்லை. கண்ணாடி மேல் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டதோடு தீர்ந்தது.

புடவை கண்ணாடிக்குத்தான், விளக்குக்கு இல்லை. வெளிச்சம் அதிகமென்று பல்பு மேல் துப்பட்டா போடுவது தீப்பிடிக்க வழி. குறைக்க வேண்டுமானால் குடையைத் திருப்புங்கள், இல்லை 5 வாட் பல்பு போடுங்கள்.

கடைசியாக பாத்ரூம். இரவு 11 மணிக்குப் பிள்ளை கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து டியூப் வெளிச்சம் ஒரு பட்டையாக அறைக்குள் விழும். இரண்டாவது அரை வாட் விளக்கை அங்கே வைத்து, பெரிய விளக்கை இரவில் போடாமல் விடுங்கள்.

4. சத்தத்தை மூன்றாகப் பிரியுங்கள்

சீரான சத்தம், திடீர்ச் சத்தம், வெளியிலிருந்து வரும் சத்தம் என்று மூன்று. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

முதலில் சீரான சத்தம். இது நமக்கு உதவி. குழந்தையைப் படுக்க வைப்பதற்கு முன்பே சீலிங் ஃபேனைப் போட்டு, விழிக்கும் வரை அதே வேகத்தில் விடுங்கள். தூங்கிய பின் நிறுத்தினால் அந்த நிசப்தமே ஒரு மாற்றம். போனில் மழைச் சத்தம், இரைச்சல் சத்தம் போடுபவர்கள் போனைக் குழந்தையிடமிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள், அளவு 50 டெசிபலைத் தாண்ட வேண்டாம். குழந்தையின் பக்கத்தில் நின்று பேச உங்கள் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அது அதிகம். ஃபேனே போதுமானால் போன் வேண்டாம்.

அடுத்தது திடீர்ச் சத்தம். உழைக்க வேண்டியது இங்கேதான். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் ஒரு மாலை, படிக்கும் பிள்ளையையே வீடு முழுக்க நடக்கச் சொல்லி, அதிரும் ஒவ்வொன்றையும் குறியுங்கள். எங்கள் பட்டியலில் வந்தவற்றை எப்படிச் சரிசெய்தோம் என்று சொல்கிறேன்.

தாழ்ப்பாள் "டக்" என்று விழுவதுதான் முதல் எதிரி. கதவின் இரு பக்கக் கைப்பிடியிலும் ஒரு கெட்டித் துணிப் பட்டையை மாட்டி, நாக்கை மூடியபடி ரப்பர் பேண்டால் கட்டிவிட்டோம். கதவு மூடும், பூட்டாது, சத்தமும் இல்லை. கீல்களுக்குத் தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு. தூளி கட்டுபவர்கள் கொக்கிக்கும் போடலாம். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட். சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினாலும் சரிதான்.

அப்புறம் ஜியோமெட்ரி பாக்ஸ். ஒரு வியாழக்கிழமை 10.50-க்கு அந்தத் தகரப் பெட்டி மேசையிலிருந்து டைல் மேல் விழுந்து, மூடி தெறித்து, காம்பஸ் சமையலறை முழுக்க உருண்டது. பையன் அழுத அழுகையில் மாமியார் எழுந்துவிட்டார், மகள் அதற்கு மேல் ஒரு வரி படிக்கவில்லை. மறுநாளே எல்லாவற்றையும் துணிப் பைக்கு மாற்றினோம். தேர்வு அறைக்கு மட்டும் பெட்டி. போனை மேசை மேல் வைப்ரேட்டில் வைப்பதும் இதே வகை. மரம் அந்த அதிர்வைப் பெரிதாக்கும்.

குக்கரை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். மறுநாள் சட்னியை முந்தின மாலையே அரைத்து வைக்கலாம். ஃபிளஷை இரவில் இழுக்காமல் வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வெளியிலிருந்து வருவது. காலிங் பெல்லை அணைத்துவிட்டு, பால்காரருக்கும் குப்பை எடுப்பவருக்கும் புரியும்படி இந்தியிலும் மராட்டியிலும் "பெல் அடிக்க வேண்டாம், குழந்தை தூங்குகிறது, தட்டவும்" என்று எழுதிக் கதவில் ஒட்டினோம். மூன்று வீட்டிலும் அதிகப் பலன் தந்த ஒரே காரியம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கல்யாண மண்டப ஒலிபெருக்கிக்குச் சட்டமே உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு அனுமதிக்கும் சில பண்டிகை நாட்களில் மட்டும் நள்ளிரவு வரை விலக்கு. முதலில் வாட்ச்மேனையோ சொசைட்டி செயலாளரையோ அனுப்பிப் பாருங்கள், கேட்காவிட்டால் 112. ஹோலிக்கு முந்தின இரவு இதெல்லாம் எடுபடாது. அன்றைக்குக் கடினமான பாடம் வைக்காதீர்கள்.

சத்தத்துக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்துவிடவும் கூடாது. காற்றோட்டம் இல்லாத சமையலறையில் ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்குக் கொட்டாவி வரும், பாடம் ஏறாது.

5. பாடங்களைச் சத்தத்தைப் பார்த்து அடுக்குங்கள்

பெரும்பாலான கால அட்டவணைகள் பாடத்தைப் பார்த்துப் போடப்படுகின்றன. இந்த வீட்டில் வேலையின் சத்தத்தைப் பார்த்துப் போட வேண்டும். கணக்கு போடுவது, மேப் வரைவது, விடை எழுதிப் பார்ப்பது சத்தமில்லாதவை. வாய்விட்டு மனப்பாடம் செய்வது, அப்பாவிடம் ஒப்பிப்பது, வீடியோ பாடம் கேட்பது சத்தமுள்ளவை.

குழந்தை விழித்திருக்கும் நேரங்களுக்குச் சத்தமுள்ளவை போகட்டும். மகள் மாலை 5 முதல் 6 வரை தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வரலாற்றுத் தேதிகளை ராகம் போட்டுச் சொல்லுவாள். அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். இரவு 9 முதல் 11 வரை எழுத்து வேலை மட்டும்.

இரவில் வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் கிசுகிசுப்பதைவிடத் தாழ்ந்த குரல் மேல். எங்கள் வீட்டில் கிசுகிசுப்பின் "ஸ்ஸ்" ஒலிக்குப் பையன் அசைந்தான், முணுமுணுப்புக்கு அசையவில்லை.

இன்னொரு விதி. படிக்கும் நேரத்தில் "தம்பி அழுதால் பார்த்துக்கோ" என்ற பொறுப்பைப் பெரிய பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஒரு காது எப்போதும் குழந்தையிடமே இருக்கும். அந்த நேரத்துக்கு ஒரு பெரியவரின் பெயரைச் சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் 9 முதல் 11 வரை என் கணவர். அதனால்தான் மகளால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுகூடப் படிக்க முடிந்தது.

6. மாதிரித் தேர்வுக்கு குழந்தையை வெளியே அனுப்புங்கள்

அல்ஜீப்ரா தாள் 40 மதிப்பெண், 2 மணி நேரம். உண்மைத் தேர்வு காலை 11 மணிக்கு. அதே நேரத்தில் வீட்டில் எழுதிப் பார்த்தால்தான் வேகம் தெரியும். 9.30-க்குத் தூங்கும் பையன் 10.45-க்குள் விழித்துவிடுவான் என்று தாளில் இருந்தது. அவன் விழித்ததும் மாமியார் அவனைப் பக்கத்து வீட்டுக்கும் கீழே தோட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணிக்குத் திரும்பினார். வாரத்துக்கு இரண்டு நாள். குழந்தைக்குச் சாப்பாடு, தண்ணீர், மாற்றுத் துணி எல்லாம் முந்தின இரவே பையில்.

இரண்டு மணி நேரம் குழந்தையைத் தூங்கவைத்து எழுதலாம் என்று கீழ்வீட்டில் முயன்றார்கள். நடுவில் ஒரு விழிப்பு வந்தாலே தாள் வீணாகிறது. அதோடு, விழித்துவிடுமோ என்ற பயத்தில் பிள்ளை கடைசிக் கணக்குகளை அவசரத்தில் தப்பாகப் போட்டான்.

7. தேர்வுக்கு முந்தின இரவும் அந்தக் காலையும்

பிள்ளை 10 மணிக்குப் படுக்கட்டும், குழந்தையோடு ஒரே அறை வேண்டாம். படுக்கையறை அன்றைக்குத் தேர்வு எழுதுபவருக்கு. குழந்தையும் நாங்களும் ஹாலில், தரையில் தனித்தனிப் படுக்கையில். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் தூங்கிவிடாதீர்கள். குழந்தைக்கு மூச்சு முட்டும் ஆபத்து அதில் மிக அதிகம். ஹால் படுக்கையை இரண்டு நாள் முன்பே ஒருமுறை பழக்கிவிடுங்கள்.

காலைக்கு இட்லி. இட்லிப் பானையில் விசில் கிடையாது. ஹால் டிக்கெட், பை, சீருடை எல்லாம் இரவே வாசலோரம். அவள் கிளம்பிய 9.45-க்குப் பையன் காலைத் தூக்கத்தில் இருந்தான், துணி கட்டிய கதவு சத்தமில்லாமல் மூடியது.

குழந்தை திரும்பத் திரும்ப விழித்தால் எங்கே பார்ப்பது

படுக்கவைத்த 20 நிமிடத்துக்குள் விழித்தால், பெரும்பாலும் தூக்கம் ஆழமாவதற்குள் கீழே போட்டிருக்கிறீர்கள். கை தளர்ந்து தொங்கும் வரை காத்திருந்து போடுங்கள். 40-50 நிமிடத்தில் தினமும் விழித்தால் அது சுற்று முடியும் இடம். அந்த நேரத்தில் பாத்ரூம் போவதை, பாத்திரம் எடுப்பதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். நேரம் ஒழுங்கில்லாமல் விழித்தால் படி 4-இல் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது, மூன்று நாள் தாளை மறுபடி ஒட்டுங்கள். கண்ணைத் திறந்து ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டு அழாமல் கிடந்தால் அது வெளிச்சம். அந்தத் திசையில் கண்ணாடியையோ எவர்சில்வரையோ தேடுங்கள்.

பல் முளைப்பு, சளி, காய்ச்சல் இருக்கும் நாட்களில் இதில் எதுவும் உதவாது. அந்த இரவுகளில் எங்கள் மகள் மாடியில் ஒரு தோழி வீட்டில் படித்துவிட்டு வந்தாள். அப்படி ஒரு வீட்டை ஜனவரியிலேயே கேட்டு வைத்துவிடுங்கள்.